பால்மானி 29 காட்டுகிறது, டீ ஏன் நீர்த்துப் போகிறது?

“அண்ணே, யாங்கூனில் டீக்கடை வைத்திருக்கிறேன். பெகு பக்கத்திலிருந்து பசும்பால் வருகிறது. லாக்டோமீட்டர் போட்டால் தினமும் 29 காட்டுகிறது, அது நல்ல பால் என்கிறார்கள். ஆனால் காய்ச்சினால் ஏடே சரியாகக் கட்டவில்லை, டீயும் நீர்த்துக் கிடக்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்கவில்லை என்று பால்காரர் முனீஸ்வரன் மேல் சத்தியம் செய்கிறார். மானி பொய் சொல்கிறதா, மனிதர் பொய் சொல்கிறாரா?”

தம்பி, இரண்டு பேரும் உண்மை சொல்லியிருக்க வாய்ப்பு உண்டு. பால்காரரை விசாரிப்பதற்கு முன்னால் உங்கள் மானியைக் கொஞ்சம் விசாரிக்க வேண்டும். நீங்கள் எழுதிய 29 என்ற எண்ணை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அந்த நேரத்தில் பாலின் சூடு எவ்வளவு, மானி எந்தச் சூட்டுக்காகச் செய்யப்பட்டது, பாலில் கொழுப்பு எவ்வளவு, இந்த மூன்றும் தெரிந்தால்தான் 29க்கு அர்த்தம் வரும்.

முதலில் மானி எதைப் பார்க்கிறது என்று பார்ப்போம். அதற்குப் பாலும் தெரியாது, தண்ணீரும் தெரியாது. மிதக்கிற திரவம் எவ்வளவு கனம் என்பது ஒன்றுதான் தெரியும். 30 என்று காட்டினால், ஒரு லிட்டர் தண்ணீர் 1000 கிராம் என்றால் இந்தப் பால் 1030 கிராம் என்று பொருள். கலப்பில்லாத பசும்பால் பெரும்பாலும் 28லிருந்து 32க்குள் நிற்கும். தண்ணீர் சேர்ந்தால் எண் இறங்கும். கணக்கு எளிது: 30 காட்டுகிற பாலில் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் என்றால் 27, ஐந்தில் ஒரு பங்கு என்றால் 24. இது எல்லோருக்கும் தெரிந்த பாதி.

தெரியாத மறுபாதி கொழுப்பு. பாலில் உள்ள சர்க்கரை, புரதம், உப்புச் சத்துகள் எல்லாம் தண்ணீரைவிடக் கனம், அவைதான் எண்ணை மேலே தூக்குகின்றன. கொழுப்பு மட்டும் தண்ணீரைவிட லேசு, அது எண்ணைக் கீழே இழுக்கிறது. அதனால் ஆடையை எடுத்துவிட்டால் பால் மெலிந்துபோகும், ஆனால் மானியில் எண் ஏறும். முழுக்க ஆடை எடுத்த பால் 34, 35 வரைகூடக் காட்டும். எண் கூடினால் பால் கெட்டி என்று நினைப்பவர்கள் ஏமாறுகிற இடம் இதுதான். ஆடை எடுத்தால் எண் ஏறுகிறது, தண்ணீர் ஊற்றினால் இறங்குகிறது. இரண்டையும் அளவாகச் செய்தால் எண் பழைய இடத்துக்கே வந்து நிற்கும்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். மாலையில் கறந்த பால் பத்து லிட்டர், கொழுப்பு நூற்றுக்கு 4, மானியில் 30. இரவு முழுக்க அசையாமல் வைத்தால் ஆடை மேலே வந்துவிடும். காலையில் மேலாக ஒரு லிட்டரை வழித்து நெய்க்கு எடுத்துக்கொள்கிறார் என்று வையுங்கள். அந்த ஒரு லிட்டரில் கொழுப்பு நூற்றுக்கு 20 வரை இருக்கலாம். மீதி ஒன்பது லிட்டரில் கொழுப்பு 2க்குக் கொஞ்சம் மேலே வந்துவிடும், மானி 32 காட்டும். இப்போது ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றினால் மறுபடி பத்து லிட்டர். மானியில் 28.8. கண்ணால் பார்க்கிறவர் 29 என்றுதான் படிப்பார். கொழுப்பு பாதியாகிவிட்டது, பத்தில் ஒரு பங்கு தண்ணீர், ஆனால் மானிப்படி நல்ல பால். நெய்க்குத் தனி விலை, பாலுக்குத் தனி விலை. நம் ஊரில் பால் வீசைக் கணக்கில் விற்பதால் ஊற்றிய தண்ணீரும் பால் விலைக்கே போகிறது.

உங்கள் கடையில் நடப்பது இதுதானா? இருக்கலாம். ஆனால் தண்ணீரே சேராமல், ஆடை மட்டும் குறைந்த பாலும் உங்கள் மானியில் 29 காட்ட முடியும். அதற்குக் காரணம் சூடு.

பால் சூடானால் விரிகிறது, லேசாகிறது, மானி இன்னும் ஆழமாக முங்கி எண்ணைக் குறைத்துக் காட்டும். ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் சுமார் 0.2 குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். பழைய வகை மானிகளில் பல 60 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது சுமார் 15.5 டிகிரி செல்சியஸுக்குச் செய்தவை. அது குளிர் நாட்டுச் சூடு. யாங்கூனில் பால் தானாக அந்தச் சூட்டுக்கு ஒருநாளும் வராது. மார்கழிக் காலையில் 20 டிகிரியில் வரும் பால் அந்த மானியில் 29 காட்டினால் அதன் உண்மை எண் 30. அதே பால் திஞ்சான் சமயத்தில் 31 டிகிரியில் லைன் காரிலிருந்து இறங்கினால் 27தான் காட்டும். வெயில் காலம் வந்தால் பால்காரர்கள் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்துவிடுகிறார்கள் என்று கடைக்காரர்கள் பேசிக்கொள்வதில் ஒரு பங்கு இந்தச் சூட்டின் வேலை. வெப்ப நாடுகளுக்கென்று 27 டிகிரிக்கோ அதற்குப் பக்கத்திலோ செய்த மானிகளும் உண்டு. அவற்றை ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த பாலில் போட்டால் நேர் எதிர்: தண்ணீர்ப் பாலும் நல்ல பாலாகத் தெரியும்.

மானியின் தண்டுக்குள் சுருட்டி வைத்த காகிதத்தில் பொடி எழுத்தில் ஒரு சூட்டு எண் அச்சாகியிருக்க வேண்டும். உங்கள் மானியில் இருந்தால் நல்லது. மலிவு மானிகளில் பல நேரம் அது இருக்காது, இருந்தாலும் நம்ப முடியாது. M, W என்று எழுத்து மட்டும் போட்டிருக்கிற மானியாக இருந்தால் அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுங்கள். எண் இல்லாத மானியில் கீழே சொல்லும் எதையும் செய்ய முடியாது.

எண் உள்ள மானியைச் சோதிக்கச் சர்க்கரைத் தண்ணீர் போதும். உலர்ந்த வெள்ளைச் சர்க்கரை 75 கிராம், தண்ணீர் 925 கிராம், இரண்டையும் சமையலறை எலெக்ட்ரானிக் தராசில் நிறுத்துக் கலக்குங்கள். தண்ணீரையும் நிறுக்கத்தான் வேண்டும், டம்ளரில் அளக்கக் கூடாது. சர்க்கரை முழுக்கக் கரைந்து காற்றுக் குமிழ்கள் அடங்கட்டும். இந்தக் கரைசல் அதே சூட்டில் உள்ள தண்ணீரைவிட ஆயிரத்துக்கு 30 பங்கு கனம். அதாவது நல்ல பசும்பாலுக்குச் சமம். சர்க்கரை ஒரு கிராம் கூடிக்குறைந்தால் அரை எண்கூட மாறாது, அதனால் பயப்பட வேண்டாம்.

இனி முக்கியமான வேலை. இந்தக் கரைசலை, சோதிக்கப் போகிற பாலின் அதே சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். கரைசல் பாட்டிலையும் பால் பாட்டிலையும் ஒரே வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் நிற்க வைத்தால் போதும். அப்புறம் முதலில் கரைசலில் மானியைப் போட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அது எந்த எண்ணாக இருந்தாலும் உங்கள் மானிக்கு அன்றைக்கு அதுதான் 30. மானியைக் கழுவித் துடைத்துப் பாலில் போடுங்கள். கரைசலைவிட எத்தனை கூடுதலோ குறைவோ, அதை 30உடன் கூட்டிக் கழியுங்கள். மானி எந்தச் சூட்டுக்குச் செய்தது, அச்சுக் காகிதம் உள்ளே கொஞ்சம் நகர்ந்திருக்கிறதா, இந்தத் தகராறுகள் எல்லாம் இந்த ஒப்பீட்டில் ஏறக்குறைய அடிபட்டுப் போகும். அரை எண், முக்கால் எண் பிசகலாம், அதற்கு மேல் போகாது. கரைசலை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள், நம் ஊர்ச் சூட்டில் புளித்துவிடும்.

இப்போது உங்கள் 29க்கு வருவோம். பால் 29 டிகிரி சூட்டில் வந்தது என்று வைத்துக்கொள்கிறேன். கரைசலில் உங்கள் மானி 27 காட்டினால், பாலின் உண்மை எண் 32. ஏடு கட்டாத பாலுக்கு 32 என்றால் படம் தெளிவு: ஆடை போயிருக்கிறது, தண்ணீர் சேரவில்லை. பால்காரர் முனீஸ்வரன் மேல் செய்த சத்தியம் அப்படியே நிற்கும், அவர் ஆடையைப் பற்றி வாயே திறக்கவில்லையே! கரைசலிலேயே மானி 30 காட்டினால், பாலின் 29 உண்மையான 29. ஆடை குறைந்த பால் 32 பக்கம் நிற்க வேண்டும், நிற்கவில்லை. அந்த மூன்று எண்ணை இறக்கியது தண்ணீராகத்தான் இருக்க வேண்டும், சுமார் பத்தில் ஒரு பங்கு. ஒரே 29, இரண்டு வேறு தீர்ப்பு.

மானியைப் போடும் முறையிலும் பிசகு வரும், அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். பால் கேனை அப்படியே திறந்து மேலாக மொண்டு எடுத்தால் அது ஆடைப் பால். முதலில் கேன் பாலை இரண்டு பாத்திரங்களுக்கு இடையில் மெதுவாக மாற்றி மாற்றி ஊற்றிக் கலக்க வேண்டும், நுரை பொங்க ஆற்றக் கூடாது. உயரமான கண்ணாடிக் குழாயில் ஓரமாகச் சரித்து ஊற்றி, விளிம்பு வரை நிரப்பி, மேலே நிற்கும் நுரையை வழித்து விடுங்கள். குழாய் குறுகலாக இருந்தால் மானி பக்கத்தில் ஒட்டிக்கொண்டு தப்பான எண் காட்டும். அடியிலும் தட்டக் கூடாது. மானியின் தலையைப் பிடித்து மெல்ல இறக்கி, எங்கே நிற்கும் என்று தோன்றுகிறதோ அந்த இடத்தில் லேசாகச் சுழற்றி விடுங்கள். ஆட்டம் நின்றதும் கண்ணைப் பால் மட்டத்துக்குக் குனிந்து வைத்துப் படியுங்கள். பால் தண்டைச் சுற்றிக் கொஞ்சம் ஏறி நிற்கும். பால் ஒளி ஊடுருவாது என்பதால் அந்த ஏறின விளிம்பின் உச்சியில்தான் படிக்க வேண்டும். முந்தின நாள் பால் மானியில் காய்ந்திருந்தால் அந்த எடையே அதை முங்கச் செய்து எண்ணைக் குறைக்கும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவினால் போதும்.

சரி, தண்ணீர் சேரவில்லை, ஆடைதான் குறைவு என்று வந்தால் பால்காரர் திருடுகிறார் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். அவர் உங்கள் கடைக்கு எத்தனாவதாக வருகிறார் என்று கேளுங்கள். பெகுவிலிருந்து வருகிற வண்டி குலுங்கினாலும், வந்து இறங்கிச் சைக்காரில் ஏற்றக் காத்திருக்கும் நேரத்தில் கேன் அசையாமல் நிற்கிறது, ஆடை மேலே கூடிவிடுகிறது. கேனின் வாயிலிருந்து மொண்டு கொடுத்தால் முதல் கடைக்குக் கொழுப்பு, கடைசிக் கடைக்கு அடிப்பால். அடிப்பாலில் எண் கூடுதலாகவும் ஏடு குறைவாகவும் இருக்கும், அதாவது ஆடை எடுத்த பாலுக்கு இருக்கிற அதே அடையாளம். உங்களுக்குக் கடைசி முறை என்றால், ஒருநாள் மட்டும் முதலில் உங்களிடம் வரச் சொல்லுங்கள், அல்லது ஒவ்வொரு கடையிலும் அடிவரை கலக்கிவிட்டு மொள்ளச் சொல்லுங்கள். டீ அன்றைக்கே மாறினால் வழக்கு முடிந்தது.

கொழுப்பை அளக்க மானியால் முடியாது. அதற்கு அமிலம் ஊற்றிச் சுழற்றிப் பார்க்கிற கெர்பர் சோதனை இருக்கிறது. அடர்கந்தக அமிலம் கையாள வேண்டிய வேலை, டீக்கடையில் அது வேண்டாம். கடையில் செய்யக்கூடியது ஆடை ஒப்பீடு. ஒரே மாதிரி ஒடுக்கமான இரண்டு கண்ணாடிப் பாட்டில்களில் ஒரே மட்டத்துக்குப் பச்சைப் பாலை ஊற்றுங்கள், ஒன்றில் சந்தேகப் பால், இன்னொன்றில் உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த முழுப் பால். இரவு முழுக்க ஐஸ் பெட்டியில் அசைக்காமல் வையுங்கள். கரண்டு போனாலும் பரவாயில்லை, இரண்டுக்கும் ஒரே நிலைமைதான். காலையில் மஞ்சள் படலத்தின் கனத்தை ஸ்கேல் வைத்துப் பாருங்கள். ஒன்று மற்றதில் பாதிதான் என்றால் சந்தேகமே வேண்டாம். படலத்தை வைத்துக் கொழுப்பு நூற்றுக்கு இவ்வளவு என்று எண் சொல்ல முயற்சிக்காதீர்கள், அது சரிவராது. எருமைப் பாலையும் பசும்பாலையும் இப்படி ஒப்பிடவும் கூடாது, ஆடை கட்டும் விதமே வேறு.

எருமை என்றதும் ஒன்று. எருமைப் பால் 31, 32 காட்டும், கொழுப்பு 6, 7 என்று இருக்கும். அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றினால் 29 ஆகும், ஏடும் தடியாகக் கட்டும், டீயும் நன்றாக இருக்கும். பசும்பால் விலைக்குக் கொடுத்தால் கடைக்காரரும் சந்தோஷமாக வாங்குவார். மானியும் கண்ணும் நாக்கும் சேர்ந்து ஏமாறுகிற இடம் இது. உங்கள் பாலில் ஏடே கட்டவில்லை என்பதால் அது உங்கள் பிரச்சினை இல்லை.

தண்ணீர் ஊற்றி, எண் இறங்காமல் இருக்கச் சர்க்கரையோ உப்போ மாவோ போடுகிறவர்களும் உண்டு. மாவு என்றால் கண்டுபிடிப்பது எளிது: கொஞ்சம் பாலைக் காய்ச்சி நன்றாக ஆறவிட்டு இரண்டு சொட்டு டிங்சர் அயோடின் விட்டால் நீலம் பாயும். சோதித்த பாலைக் கொட்டிவிடுங்கள். சர்க்கரைக்கும் மற்றவற்றுக்கும் சோதனைக்கூடம்தான். அங்கே கொடுத்தால் பால் எந்தக் குளிரில் உறைகிறது என்று பார்ப்பார்கள். கலப்பில்லாத பால் சுழியத்துக்கு அரை டிகிரிக்குச் சற்றுக் கீழே, சுமார் 0.54 டிகிரி கீழே உறையும். மாட்டின் உடம்பு அதைப் பெரிதாக மாறவிடாது. தண்ணீர் சேரச் சேர உறையும் புள்ளி சுழியத்தை நோக்கி ஏறும். ஆடை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அது அசையாது, அதனால்தான் தண்ணீர்க் கலப்புக்கு மானியைவிட அதை நம்புகிறார்கள். கரையக்கூடிய சர்க்கரையோ உப்போ போட்டிருந்தால் அந்தச் சோதனையும் குழம்பும், அப்போது அவற்றைத் தனியாகத் தேட வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடிய கடைசி சோதனை, எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது, தொழுவத்துக்கே போவது. பால்காரரிடம் பகையில்லாமல் கேளுங்கள்: “நாளைக்கு நானும் வருகிறேன் அண்ணே, மாடுகளைப் பார்த்து நாளாச்சு.” உங்களுக்குப் பால் வருகிற அதே மாடுகள், அதே வேளை, கடைசிச் சொட்டு வரை கறக்க வேண்டும். பாதிக் கறவையில் பாலை எடுத்தால் ஏமாந்துவிடுவீர்கள். முதலில் வருகிற பால் நீர்த்தது, மடி வற்றும்போது வருவதில்தான் கொழுப்பு அதிகம். எல்லா மாட்டுப் பாலையும் ஒன்றாகக் கலந்து ஒரு பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அங்கேயே மானியைப் போட்டுவிடாதீர்கள். கறந்த சூட்டோடு இருக்கிற பாலில் நுண்ணிய காற்றுக் குமிழ்கள் நிறைந்திருக்கும், கொழுப்பும் இன்னும் இறுகியிருக்காது, மானி ஒரு எண் வரை குறைத்துக் காட்டும். நல்ல பாலே தண்ணீர்ப் பாலாகத் தெரிந்து, பால்காரர் முன்னால் நீங்கள் தலைகுனிய வேண்டி வரும். இரண்டு மூன்று மணி நேரம் போகட்டும். அதைக் கடைக்குக் கொண்டுவந்து, வழக்கமாக வருகிற பாலோடும் சர்க்கரைக் கரைசலோடும் ஒரே வாளியில் நிற்க வைத்து, மூன்றையும் அடுத்தடுத்துப் படியுங்கள். மீதியை ஆடை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள், “நிச்சயமாகத் தெரிந்த முழுப் பால்” என்று மேலே சொன்னது இதுதான்.

ஒரே மந்தையில் கொழுப்பு நாளுக்கு நாள் ஏறி இறங்கும், காலைப் பாலுக்கும் மாலைப் பாலுக்கும்கூட வித்தியாசம் உண்டு. கொழுப்பைத் தவிர்த்த மற்ற சத்து அப்படித் துள்ளாது. அதனால் தொழுவத்துப் பால் 30 காட்டி, மறுநாள் கேனில் வந்த பால் 29.5 காட்டினால் விட்டுவிடுங்கள், அது இயல்பு. தொழுவத்துப் பால் 30, கேன் பால் 32, ஆடைப் படலம் பாதி என்றால் ஆடை வேறெங்கோ போகிறது, விலையை அதற்குத் தகுந்தபடி பேசலாம். தொழுவத்தில் 30, கேனில் 29, படலம் மட்டும் பாதி என்றால் இரண்டு வேலையும் நடந்திருக்கிறது. அந்த நிலையில் ஒருநாள் எண்ணை வைத்துச் சண்டை போடாமல், அடுத்த சில நாளும் அதே கரைசல் முறையில் படித்து எழுதி வையுங்கள். எண்களும் பாட்டில்களும் கையில் இருந்தால் பால்காரரோடு பேசுவது எளிது.